வெள்ளை முக்கோணமும் காலி முக்கோணமும்

"தலைக்கு ஊத்துனதுல இருந்துதான் டாக்டரம்மா. நீர் கோத்துக்கிச்சு."

ஸ்கேன் அறை வாசலில் அந்தத் தாய் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே மேசையில் படுத்திருந்த மகளுக்கு வயது 24. குழந்தை பிறந்து 17 நாள். ஐந்து நாளாகத் தலைவலி. சுக்குப் பற்றுப் போட்டார்கள், நொச்சி ஆவி பிடித்தார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அடங்கவில்லை. உட்கார்ந்தால் சற்றுத் தேவலாம், படுத்தால் கூடுகிறது. இருமினால் மண்டை பிளக்கிறது. எழுந்து நிற்கும்போது ஓரிரு நொடி கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இரவுப் பணி மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்திருந்தார். பார்வை நரம்பு விழிக்குள் வந்து சேரும் வட்டம் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. சீட்டில் அவர் எழுதியிருந்தவை இரண்டு: சாதா சிடி, அதைத் தொடர்ந்து சிடி வெனோகிராம்.

முப்பது வருடத்துக்கு முன் என்றால் அந்தச் சீட்டில் முதல் வரி மட்டும்தான் இருந்திருக்கும். இரண்டாவது வரியில் உள்ள பரிசோதனைக்கு அப்போது எங்களிடம் பெயரே கிடையாது.

மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களைப் பற்றி எல்லாருக்கும் ஏதோ தெரியும்; அதில் அடைப்பு வந்தால் பக்கவாதம். அந்த ரத்தம் எந்த வழியாகத் திரும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. வயலுக்குப் பாசன வாய்க்கால் எப்படியோ அப்படித் தமனி. வடிகால் எப்படியோ அப்படிச் சிரை. பாசன வாய்க்கால் அடைத்தால் பயிர் காயும். வடிகால் அடைத்தால் நீர் தேங்கிப் பயிர் அழுகும், வரப்பும் உடையும். மூளையின் பெரிய வடிகால் மண்டையோட்டின் உச்சிக்குக் கீழே, நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவகிடு போல ஓடுகிறது. பிடரியில் அது இடமும் வலமுமாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் வளைந்திறங்கிக் கழுத்துச் சிரையில் சேர்கிறது. மருத்துவத்தில் இந்த வடிகால்களுக்கும் சைனஸ் என்றுதான் பெயர். ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, மூக்கடைப்புதானே என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பியவர்களை நான் வாசலில் மறித்திருக்கிறேன்.

இந்த வடிகாலில் ரத்தம் உறைவது புது நோய் அல்ல. 1825-ல் பிரான்சில் ரீப் என்ற மருத்துவர் இதை விவரித்தார். அவர் பார்த்தது புற்றுநோய் பரவி, வலிப்பு கண்டு இறந்த ஒருவரின் மண்டையைத் திறந்தபோது. மூன்று வருடம் கழித்து ஜான் அபர்கிராம்பி எழுதியது ஓர் இளம்பெண்ணைப் பற்றி: சுகப்பிரசவம், இரண்டு வாரத்தில் தலைவலி, ஓயாத வலிப்பு, மரணம். நம் ஊர்களில் பிள்ளை பெற்றவள் இப்படி வெட்டியிழுத்துப் போனால் ஜன்னி கண்டு போனாள் என்று சொல்லி முடித்தார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் கிருமிக் காய்ச்சலும் இருந்தது, பிரசவ கால ரத்தக்கொதிப்பும் இருந்தது, இந்த உறைதலும் இருந்தது. பிரித்துப் பார்க்க வழி இல்லை.

உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்க அந்தக் காலத்தவர் பட்ட பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது 1925-ல் டோபி, ஏயர் இருவரும் சொன்ன சோதனை. முதுகுத் தண்டில் ஊசி ஏற்றி, நீரின் அழுத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தபடி கழுத்துச் சிரையை ஒவ்வொரு பக்கமாக விரலால் அழுத்துவார்கள். திறந்த வடிகாலை அழுத்தினால் மேலே ரத்தம் தேங்கும், குழாயில் நீர் சட்டென்று ஏறும். ஏற்கெனவே அடைந்துபோன பக்கத்தை அழுத்தினால் எதுவும் நடக்காது. அடைத்த மடையை இன்னொரு முறை அடைப்பதால் என்ன ஆகும்? காதில் சீழ் பிடித்து அது பக்கத்து வடிகாலை உறையவைத்த நோயாளிகளிடம் இப்படித்தான் பக்கம் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே ஒரு பக்க வடிகால் மெலிந்திருப்பவர்களிடம் இந்தச் சோதனை பொய் சொல்லும். இதே பொய் நூறு வருடம் கழித்து எங்கள் கணினித் திரையிலும் வந்து நிற்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1927-ல் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்தேற்றி மூளையின் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டினார். அந்த மருந்து தமனி வழியே போய், நுண்குழாய்களைக் கடந்து, சில நொடிகளில் சிரைக்கு வரும். வரவில்லை என்றால் அடைப்பு. ஆனால் ஊசி தமனியில், சிரைக்கு வந்து சேர்வது நீர்த்துப்போன மிச்சம். படம் மங்கலாக இருந்தால் வடிகாலே இல்லையா, இருந்தும் மருந்து எட்டவில்லையா என்பது பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

நான் ரேடியாலஜி படிக்கச் சேர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிடி வந்துவிட்டிருந்தது. ஆனால் அது ஒரு வெட்டு எடுக்கும், நின்று மூச்சு வாங்கும், மேசை ஒரு சென்டிமீட்டர் நகரும், அடுத்த வெட்டு எடுக்கும். படங்கள் ஃபிலிமில் வரும். ஈரம் காயுமுன் வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். உச்சி வடிகால் அந்தப் படங்களில் பிடரிப் பக்கம் சிறு முக்கோணமாகத் தெரியும், அடிப்பக்கம் எலும்பில் ஒட்டி, முனை மூளையை நோக்கி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த முக்கோணத்தைப் பார் என்பதுதான்.

அங்கே உறைந்த ரத்தக் கட்டி எப்படித் தெரியும்? இரண்டு விதமாக, ஒன்றுக்கொன்று நேர் எதிராக. மருந்து ஏற்றாத சாதாப் படத்தில் புதிதாக உறைந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். உறையும்போது ரத்தம் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. மிஞ்சுவது சிவப்பணுக்கள் நெருக்கியடித்த கட்டி. அந்த நெருக்கம் எக்ஸ்ரேயை அதிகம் மறிக்கிறது. ஓடும் ரத்தம் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் 40 முதல் 60 வரை இருக்கும். புதுக் கட்டி 70-ஐத் தொடும், தாண்டும். இது வெள்ளை முக்கோணம். இப்போது சிரை வழியே அயோடின் மருந்தை ஏற்றினால் காட்சி தலைகீழாகிறது. மருந்து கட்டிக்குள் நுழைய முடியாது. வடிகாலின் தடித்த சுவரிலும் அதைச் சுற்றியுள்ள சின்னச் சிரைகளிலும் நிறைகிறது. விளிம்பு பளிச்சென்று வெள்ளை, நடுவில் கறுப்பு. இதற்குக் காலி டெல்டா என்று பெயர். டெல்டா என்பது முக்கோண வடிவ கிரேக்க எழுத்து. 1978-ல் புவோனானோவும் உடன் பணியாற்றியவர்களும் சிடியில் இந்த நோயின் அடையாளங்களை எழுதினார்கள். 1987-ல் விரபோங்ஸே குழுவினர் 76 நோயாளிகளின் படங்களைப் பார்த்ததில், காலி முக்கோணம் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களிடம்.

வெள்ளை முக்கோணமும் எப்போதும் இருப்பதில்லை. ஏன் என்பதை நான் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. 1994-ல் இரவுப் பணியில் ஒரு பெண்ணின் சாதா சிடியைப் பார்த்தேன். தலைவலி தொடங்கிப் பத்து நாள். முக்கோணம் வெள்ளையாக இல்லை. மூளையில் எதுவும் இல்லை. நார்மல் என்று எழுதினேன். நார்மல் என்றதால் மருந்தேற்றிய படம் எடுக்கப்படவில்லை. நாலாம் நாள் வலிப்போடு வந்தாள். இடது உச்சியை ஒட்டி ரத்தக்கசிவு. பிழைத்துக்கொண்டாள், வலது கை முழுதாகத் திரும்பவில்லை. நான் தவறவிட்டது இதுதான்: ஒரு வாரம் கடந்தால் கட்டிக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் சிதையத் தொடங்குகிறது, வெள்ளை மங்குகிறது, ஓடும் ரத்தத்தின் சாம்பல் நிறத்துக்கே வந்துவிடுகிறது. கட்டி அங்கேயேதான் இருக்கிறது. நிறம் மட்டும் ஊரோடு ஒத்துப்போய்விடுகிறது. அந்தச் சாம்பல் நாட்களில் சாதாப் படம் கொடுக்கும் நற்சான்றுக்கு மதிப்பே இல்லை.

இன்றைய மாற்றம் ஒரே ஒரு கண்டுபிடிப்பால் வந்தது அல்ல. எண்பதுகளின் இறுதியில் மேசை நிற்காமல் நகர, குழாய் சுற்றிக்கொண்டே இருக்கும் சுருள் சிடி வந்தது. 1996-ல் கேஸியும் சக மருத்துவர்களும் அதை மூளைச் சிரைகளுக்குப் பயன்படுத்தி எழுதினார்கள். 1998 வாக்கில் ஒரே சுற்றில் பல வெட்டுகள் எடுக்கும் கருவிகள் வந்தன. முன்பு ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டிய தலையை இப்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டுகிறோம். மருந்து சிரைகளில் தங்கும் சில நொடிகளுக்குள் கழுத்திலிருந்து உச்சி வரை எடுத்து முடிகிறது.

அந்த 24 வயதுப் பெண்ணிடம் வருகிறேன். சாதாப் படத்தில் பிடரி முக்கோணம் வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளை என்று கண்ணால் சொன்னால் போதாது. நீர்ச்சத்து வற்றியவர்களிடம் ரத்தம் முழுவதுமே சற்று வெளுத்துத்தான் தெரியும். பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது, வயிறு போட்டுவிடும் என்று பத்தியம் வைக்கிற வீடுகளில் இந்த ஐயம் எப்போதும் உண்டு. அதனால் அளந்தேன். முக்கோணத்தில் 74. அடிமூளைத் தமனியில் 38. ஒரே உடம்பின் ரத்தம் ஓரிடத்தில் 38, இன்னோரிடத்தில் 74 என்றால் அது வறட்சி அல்ல. இன்னொரு கணக்கும் உண்டு. அவளுக்கு ரத்தசோகை, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 30 சதவீதம்தான். 74-ஐ 30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5. இந்த எண் 1.8-ஐத் தாண்டினாலே சந்தேகம் வலுக்கும். சிவப்பணு 50 சதவீதம் உள்ள ஒருவருக்கு வடிகாலில் 65 இருந்தால் கணக்கு 1.3, அங்கே வெள்ளையைக் கண்டு பதற வேண்டியதில்லை.

அடுத்து வெனோகிராம். அதற்கு முன் தாய் உள்ளே எட்டிப் பார்த்து, "இந்த மருந்து ஏத்துனா புள்ளைக்குப் பால் குடுக்கலாமா?" என்றார். கொடுக்கலாம்; பாலில் கலப்பது மிகமிகக் கொஞ்சம், குழந்தையின் குடல் உறிஞ்சுவது அதிலும் கொஞ்சம். அயோடின் மருந்தால் முன்பு ஒவ்வாமை வந்ததா, சிறுநீரகம் சரியா என்று பார்த்துக்கொண்டு, முழங்கைச் சிரையில் ஊசி போட்டு, நொடிக்கு நாலு மில்லி வீதம் 90 மில்லி செலுத்தினோம். செலுத்தத் தொடங்கி 45 நொடியில் படம். அவசரப்பட்டு 20 நொடியில் எடுத்தால் தமனிதான் மின்னும். மருந்து வந்துசேராத சிரையைக் கட்டி என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

படம் திரையில் விழுந்ததும் பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர், "எல்லாம் நிரம்பியிருக்கு மேடம், ஓப்பனாத்தான் இருக்கு" என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. உச்சி முதல் பிடரி வரை வெள்ளை. ஆனால் அவர் பார்த்தது மூளைக்கென்று வைத்திருக்கும் ஜன்னலில். அந்த அமைப்பில் 0 முதல் 80 வரைதான் சாம்பலின் படிகள். 80-க்கு மேல் எல்லாமே ஒரே வெள்ளை. மருந்து நிரம்பிய சிரை 200-க்கு மேல் இருக்கும். கட்டி 74. இந்த ஜன்னலில் எலும்பும் மருந்தும் கட்டியும் ஏறக்குறைய ஒரே வெள்ளைதான். ஜன்னலின் அகலத்தை 400-க்குத் திறக்கச் சொன்னேன். எலும்பு தனியே விலகியது, சுவர் தனியே மின்னியது, நடுவில் மூன்று விரல்கடை நீளத்துக்குக் கறுத்த தூண் ஒன்று எழுந்து நின்றது. கட்டியின் எண் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாதாப் படத்தில் சுற்றியிருப்பவை அதைவிடக் கறுப்பு என்பதால் வெள்ளையாக நின்றது. இப்போது சுற்றியிருப்பவை அதைவிட வெள்ளை என்பதால் கறுப்பாகிவிட்டது. இதனால்தான் சாதாப் படம் இல்லாமல் வெனோகிராம் மட்டும் எடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் பேச்சு முழுமையாகிறது.

கணினியில் தலையைப் பக்கவாட்டில் பிளந்து பார்த்தோம். உச்சி வடிகாலின் முன்பகுதி திறந்திருந்தது. நடுவிலிருந்து பிடரி வரை கட்டி, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பிக் காதுக்குப் பின்னால் வளைவு வரை. கட்டி உள்ள இடத்தில் வடிகால் உப்பியிருந்தது. ஓரம் சீராக இல்லை. மூளைமேல் ஓடிவந்து அதில் சேர வேண்டிய சிரைகள் மூன்று பாதிவழியில் அறுந்தாற்போல் நின்றன. இடப்பக்கம் மெலிவாக, ஆனால் நன்றாக நிரம்பியிருந்தது. மூளையில் வீக்கம் லேசாக. கசிவு இன்னும் இல்லை.

பழைய காலத்துச் சிக்கல் ஒன்று வரும் என்றேனே, அது இந்த மெலிந்த பக்கம்தான். பலருக்கு இடது வடிகால் பிறவியிலேயே சிறுத்திருக்கும், சிலருக்கு இல்லாமலே இருக்கும். அது கட்டியால் அடைந்ததா, பிறவியா? எலும்பைப் பார்க்க வேண்டும். வடிகால் ஓடும் இடத்தில் மண்டையோட்டின் உட்புறம் ஒரு பள்ளம் இருக்கும். ஆறு பெரிதாக ஓடிய இடத்தில்தான் படுகை ஆழமாக இருக்கும். பள்ளமும் கழுத்துக்கு இறங்கும் துளையும் சிறுத்திருந்தால் அங்கே பெரிய வடிகால் என்றுமே இருந்ததில்லை. பள்ளம் ஆழமாக இருந்து மருந்து மட்டும் வராவிட்டால் அது கட்டி. எம்ஆர் படத்தில் எலும்பு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சிடியின் பக்கம் நான் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். கதிர்வீச்சு இல்லாத எம்ஆருக்கும் தன் இடம் உண்டு, கர்ப்பிணிகளிடம் குறிப்பாக.

இன்னொரு ஏமாற்று: வடிகாலுக்குள் மூளைநீரை வடிக்கும் சின்னஞ்சிறு மொட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். மருந்தேற்றிய படத்தில் அவையும் கறுப்புப் புள்ளிகளாகவே தெரியும். ஆனால் உருண்டையாக, சில மில்லிமீட்டரில், வழித்த ஓரத்தோடு, மூளைநீரின் அளவுக்கே கறுப்பாக இருக்கும். பெரும்பாலும் காதுக்கு மேல் ஒரு பெரிய சிரை வந்து சேரும் இடத்தை ஒட்டி. கட்டி அப்படி ஓரிடத்தில் உருண்டு உட்காராது. வடிகாலின் போக்கிலேயே நீளும். மொட்டைக் கட்டி என்று எழுதினால் ஒரு பெண் மாதக்கணக்கில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை வீணாகச் சாப்பிடுவாள்.

ரிப்போர்ட்டை எழுதிவிட்டு நரம்பியல் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அன்றிரவே ஹெப்பாரின் தொடங்கியது. இதிலும் அன்றும் இன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பிந்திய உறைதலுக்கு ஹெப்பாரின் கொடுத்ததை ஸ்டான்ஸ்ஃபீல்டு 1942-லேயே எழுதியிருந்தார். ஆனாலும் மூளையில் கசிவு இருப்பவருக்கு ரத்தத்தை இளக்கும் மருந்தா என்ற பயம் பல பத்தாண்டு நீடித்தது, நியாயமான பயம்தான். 1991-ல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் குழுவினர் வெறும் 20 பேரிடம் சோதித்தார்கள். மருந்து பெற்ற பத்துப் பேரில் ஒருவரும் சாகவில்லை, எட்டுப் பேர் முழுதாகத் தேறினர். பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தனர். கசிவு இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். கசிவே வடிகால் அடைத்ததால் வந்தது. அடைப்பு விலகினால் கசிவுக்கான அழுத்தமும் விலகும். 2004-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 624 நோயாளிகள். ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மீண்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது.

காரணங்களின் பட்டியலும் மாறுகிறது. என் பயிற்சிக் காலத்தில் இந்தப் படங்களில் பெரும்பாலானவை பிரசவித்த பெண்களுடையவை. இப்போது கல்லூரிப் பெண்கள் வருகிறார்கள். கோயிலுக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டேன் என்பார்கள். அந்த நோரெதிஸ்டிரோனில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறையத் தூண்டும். கேட்டால்தான் சொல்வார்கள். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

நாலு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. தலைவலி இல்லை. உச்சி வடிகால் திறந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் நூல்போல ஒரு வழி, அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு. பக்கத்தில் புதிதாகப் பருத்த சின்னச் சிரைகள்.

"அந்தக் கட்டி எங்க போச்சு டாக்டர்?"

"பாதி கரைஞ்சுடுச்சும்மா. பாதி தழும்பாகி ஓரத்துல ஒட்டிக்கிச்சு. அது போகாது."

அவள் முகம் சுருங்கியது. அந்தத் தழும்பால் வலி வராது என்றேன். ஆனால் ஒன்று சொல்லி அனுப்பினேன். வருங்காலத்தில் எந்த ஊரில் எந்தத் தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தாலும் இந்தக் கோடு அங்கே தெரியும், புதுக் கட்டி என்று யாரேனும் எழுதவும் எழுதுவார்கள். அதனால் இன்றைய படத்தின் குறுந்தகட்டை ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வை, அடுத்த குழந்தைக்குப் பதிவு செய்யப் போகும் முதல் நாளே அதை எடுத்துக்கொண்டு போ என்று.